கழுதை தேய்ந்த கணக்கு

எங்கள் பட்டறையில் இரண்டு பிரஸ். ஒன்றின் பெயர் கழுதை, இன்னொன்றின் பெயர் மாப்பிள்ளை. பெயர் வைத்தது நான் இல்லை, ஆட்கள். கழுதை காலையிலிருந்து சாயங்காலம்வரை தகட்டை அடித்து அடித்து டப்பா மூடி செய்யும். எண்ணெய் கேட்கும், எப்போதாவது முரண்டு பிடிக்கும், ஃபிட்டர் நாலு திட்டு திட்டினால் மறுபடி ஓடும். மாப்பிள்ளை நாற்பது லட்சம் கொடுத்து வாங்கியது. பெரிய பெயின்ட் டின்னுக்கு அகல மூடி அடிப்பதற்காக வந்தது. அது வந்து இறங்கிய மாதமே பெயின்ட் கம்பெனி பிளாஸ்டிக் வாளிக்கு மாறிவிட்டது. அன்றிலிருந்து மாப்பிள்ளை நல்ல இடமாகப் பார்த்து, தார்ப்பாய் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. வருஷத்துக்கு ஒருமுறை கிரீஸ் பூசுகிறோம். வேலை ஒன்றும் சொல்வதில்லை. பெயர் தானாக ஒட்டிக்கொண்டது.

நான் இந்த இரண்டுக்கும் கணக்கு எழுதுகிறவள். கணக்கில் தேய்மானம் என்று ஒன்று உண்டு. ஒரு மெஷினை வாங்கிய விலையை ஒரே வருஷத்துச் செலவாகக் காட்டக்கூடாது. அது உழைக்கிற காலம் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிக்க வேண்டும். பெரும்பாலான இடங்களில் வருஷத்துக்கு இவ்வளவு என்று சமமாகக் கழிப்பார்கள். மெஷின் ஓடினாலும் சரி, தூங்கினாலும் சரி. எங்கள் பட்டறையில் அப்படி இல்லை. பட்டறையை ஆரம்பித்த பெரிய முதலாளி, இப்போது அதை நடத்தும் அண்ணன் தங்கையின் அப்பா, ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: ஓடினால்தான் தேயும், ஓடாவிட்டால் தேயாது. ஆகவே மூடிக்கு இவ்வளவு என்று கழிக்கிறோம்.

கழுதையின் விலை இருபத்திரண்டு லட்சம். கடைசியில் பழைய இரும்புக் கடைக்குப் போட்டால் இரண்டு லட்சம் கிடைக்கும். மிச்சம் இருபது லட்சம். அதன் ஆயுளில் இரண்டு கோடி மூடி அடிக்கும் என்று வாங்கும்போதே மதிப்புப் போட்டிருந்தார்கள். வகுத்தால் ஒரு மூடிக்குப் பத்துக் காசு. ஒரு மாதம் மூன்று லட்சம் மூடி அடித்தால் முப்பதாயிரம் தேய்மானம். ஒன்றுமே அடிக்காவிட்டால் ஒன்றுமே இல்லை. இதைவிடச் சுலபமான கணக்கு உலகத்தில் கிடையாது. இதையும் எனக்குத் தெரிந்து நாலு பேருக்கு நாற்பது தடவை விளக்கியிருக்கிறேன்.

இதே முறையை மாப்பிள்ளைக்கும் வைக்கச் சொன்னவர் அண்ணன். மூடிக்குப் பன்னிரண்டு காசு. சோதனை ஓட்டத்தில் இரண்டாயிரம் மூடி அடித்தார்கள், அதோடு சரி. ஆக ஆறு வருஷத்தில் மாப்பிள்ளை தேய்ந்திருப்பது இருநூற்று நாற்பது. நாற்பது லட்சத்தில் இருநூற்று நாற்பது. வருஷக் கணக்காகக் கழித்திருந்தால் இந்நேரம் பாதி போயிருக்கும். "துரு பிடிக்கறதுக்கு ஓடணும்னு அவசியம் இல்ல சார், அந்த மூடிக்கு இப்ப ஆர்டரும் இல்ல, மதிப்பக் கொறைக்கணும்" என்று வருஷா வருஷம் நான் சொல்வேன். "புது மெஷின் மேடம்" என்று வருஷா வருஷம் அவர் சொல்வார். அதைப் புது மெஷின் என்று கூப்பிடுகிற ஒரே ஆள் அவர்தான்.

என் வீட்டுக்காரருக்கும் போன வருஷம் மூட்டுத் தேய்மானம் என்று டாக்டர் சொன்னார். இருபது வருஷமாக நாற்காலியைவிட்டு எழுந்திருக்காத மனுஷனுக்கு மூட்டு எப்படித் தேயும் என்று கேட்டேன். வயசானால் தேயும் என்றார். டாக்டர் வருஷக் கணக்கு முறைக்காரர் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

அண்ணனும் தங்கையும் சம பங்குதாரர்கள். அண்ணன் முன்னறையில் உட்கார்ந்து பாங்க், வரி, வெளியூர் பேச்சு எல்லாம் பார்ப்பார். தங்கை உள்ளே, பிரஸ்ஸுக்குப் பக்கத்தில். ஆர்டர் பிடிப்பது, தகடு வாங்குவது, மூடியை அனுப்புவது எல்லாம் அவள். கழுதையை அவள் கவனிப்பதைப் பார்த்தால் பெற்ற பிள்ளையைக் கவனிப்பதுபோல் இருக்கும். பிள்ளையைக்கூட இவ்வளவு திட்டமாட்டாள்.

மாப்பிள்ளையை வாங்கும்போது அண்ணன் தங்கையிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் பெயின்ட் கம்பெனிக்காரன் பிளாஸ்டிக் பக்கம் போகிறான் என்று அவள் சொல்லியிருப்பாள், அவளுக்குத் தெரியும். கேட்காததற்கு அவள் கோபப்பட்டாள். கோபப்பட்டதற்கு அவர் கோபப்பட்டார். அதிலிருந்து நேரில் பேச்சு இல்லை. நடுவில் நான் ஒருத்தி. "தகடு பில் எங்கேன்னு கேளுங்க மேடம்" என்பார். எழுந்து போய்க் கேட்பேன். "போன வாரமே குடுத்தாச்சுன்னு சொல்லுங்கக்கா" என்பாள். எழுந்து வந்து சொல்வேன். இரண்டு பேருக்கும் நடுவில் இருப்பது ஒரு ப்ளைவுட் கதவு. அதுவும் திறந்தேதான் இருக்கும். என் சம்பளத்தில் பாதி கணக்குக்கு, பாதி நடைக்கு.

போன வருஷக் கணக்கு முடிந்த மறுநாள் அண்ணன் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"பிரிச்சிக்கலாம்னு இருக்கேன் மேடம். இந்த வருஷக் கடைசியோட. அவகிட்ட சொல்லிடுங்க."

போய்ச் சொன்னேன். அவள் மூடி ஒன்றைக் கையில் வைத்து விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தாள். தடவுவதை நிறுத்தவில்லை.

"பத்திரத்த எடுங்கக்கா" என்றாள்.

அப்பா எழுதிவைத்த கூட்டுப் பத்திரத்தில் பிரிவினைக்கு மூன்றே வரிகள். மெஷினுக்கு மெஷின், அதில் பணம் பேசக்கூடாது. இரண்டு மெஷின் இருந்தால் ஆளுக்கு ஒன்று, மூத்தவர் முதலில் எடுக்க வேண்டும். கணக்குப்படி ஆயுள் முடிந்த மெஷின் பங்கில் வராது; அதை ஓட்டுகிறவர் இரும்பு விலைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

மூத்தவர் எதை எடுப்பார் என்று யோசிக்க வேண்டியதே இல்லை. ஆர்டர் எல்லாம் கழுதையின்மேல்தான். அவர் கழுதையை எடுத்துக்கொண்டால் இவளுக்குத் தார்ப்பாய் போர்த்திய மாப்பிள்ளை. மூடி அடிக்காத பிரஸ்ஸை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? பன்னிரண்டு வருஷமாக வேறு வேலை அவளுக்குத் தெரியாது. இரண்டு பிள்ளைகள், கணவர் வெளியூரில் வேலையாக இருந்து மாதம் ஒருமுறை வந்து போகிறவர். எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அதை மறைத்துக்கொள்ளவும் எனக்குத் தெரியாது.

"நேராப் போய்க் கேட்டுப் பாரேம்மா. கூடப் பொறந்தவர்தானே" என்றேன்.

"அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டாங்கன்னு சும்மாவா சொன்னாங்க?" என்று கழுதையைக் காட்டினாள். அது அப்போது மும்முரமாக அடித்துக்கொண்டிருந்தது. பிறகு கேட்டாள்: "கணக்குப்படி கழுதைக்கு இன்னும் எத்தன மூடி பாக்கி?"

"இதுவரைக்கும் ஒரு கோடியே நாப்பது லட்சம். பாக்கி அறுபது லட்சம்."

"வருஷத்துக்கு நாம அடிக்கிறது முப்பது."

"ஆமா."

அவள் மனதில் ஓடியது எனக்குத் தெரிந்துவிட்டது. வருஷக் கடைசிக்குள் அறுபது லட்சத்தையும் அடித்து முடித்துவிட்டால் கணக்குப்படி ஆயுள் முடியும். பங்கில் வராது. அண்ணனுக்கு மாப்பிள்ளை, இவளுக்கு இரும்பு விலையில் கழுதை.

"ரெண்டு ஷிப்டு ஓட்டினா முடியும்" என்றாள்.

"முடியும். வருஷக் கடைசியில உன் கைக்கு என்ன வரும்? கழுத தேஞ்சு கட்டெறும்பான கதைதான் வரும். கணக்குல மட்டும் தேயாதும்மா, நெசமாவே தேயும். அதுக்குத்தான் இந்த முறையே."

அவள் ஆர்டர் நோட்டை எடுத்துப் புரட்ட ஆரம்பித்தாள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஒரு மெஷினைக் காப்பாற்றுவதற்காக அதை அடித்தே கொல்வது என்று முடிவெடுப்பவளிடம் வேறு என்ன பேசுவது?

ஆனால் இரண்டாவது ஷிப்டு வரவில்லை. அது எனக்கு முதல் மாதமே உறுத்தியது. ஆர்டர் பிடிக்க அவள் நாயாய் அலைந்தாள். மருந்து டப்பா, ஷூ பாலிஷ் டப்பா, மிட்டாய் டப்பா என்று பக்கத்து ஊர்களிலெல்லாம் போய்க் குறைந்த லாபத்துக்குக்கூட எடுத்துக்கொண்டு வந்தாள். லாரி நாளுக்கு ஒன்று போனது இரண்டாகப் போனது. மாதக் கடைசியில் மூடிக் கணக்கு ஐந்து லட்சம். வழக்கத்தைப்போல் இரண்டு மடங்கு. ஆனால் சம்பளப் பட்டியலில் ஓவர்டைம் இல்லை. கரண்ட் பில் அப்படியே இருக்கிறது. எண்ணெய்ச் செலவும் அப்படியே. மூடி மட்டும் ஆகாயத்திலிருந்து கொட்டுகிறது.

நான் உள்ளே போனேன். கழுதை நிதானமாக, எப்போதும்போல அடித்துக்கொண்டிருந்தது. ஒரு அடி விழுந்தது. கீழே தட்டில் இரண்டு மூடி விழுந்தன.

புது டை, அதாவது தகட்டை வெட்டும் அச்சு. ஒரே அடியில் ஜோடியாக இரண்டு மூடி வெட்டுகிற டை. சொந்தக் காசில், தன் வளையலை அடகு வைத்து, வெளியே கொடுத்துச் செய்து வாங்கியிருக்கிறாள். ஃபிட்டர் பக்கத்தில் நின்று பெருமையாகச் சொன்னார்: "இந்தச் சின்ன மூடிக்கு இதோட பலத்துல கால்வாசி போதும் மேடம். ரெண்டு அடிச்சாலும் இதுக்கு வலிக்காது. கழுத தேயறது அடிக்குத்தான், மூடிக்கு இல்ல."

நான் தங்கையைத் தனியாக இழுத்துக்கொண்டு போனேன்.

"கணக்குல ஆயுள மூடின்னுதான போட்டிருக்கு" என்றாள் நான் கேட்பதற்கு முன்பே. "அடின்னு போடலியே."

"அப்பா போட்டப்ப ஒரு அடிக்கு ஒரு மூடி. ரெண்டும் ஒண்ணுதான்னு போட்டார்."

"இப்ப ரெண்டும் ஒண்ணு இல்ல. அது என் தப்பா?"

அவள் செய்ததில் கெட்டிக்காரத்தனம் இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. மெஷின் தேய்வது பாதி வேகத்தில், கணக்கு தேய்வது முழு வேகத்தில். கணக்கில் கழுதை செத்துக்கொண்டிருக்கிறது. இரும்பில் சௌக்கியமாக இருக்கிறது. வருஷக் கடைசியில் கணக்குப்படி ஆயுள் முடியும்போது நிஜத்தில் இன்னும் முப்பது லட்சம் அடி பாக்கி இருக்கும். ஜோடி டையில் அது அறுபது லட்சம் மூடி.

"இதுல ஒரு சிக்கல் இருக்கும்மா" என்றேன். "ஆயுள்னு நாம போட்டது ஒரு மதிப்புதான். ஜோசியம் இல்ல. வருஷக் கடைசியில ஒவ்வொரு மெஷினையும் மறுபடி பாக்கணும். மதிப்பு மாறியிருந்தா மாத்தணும். இது விதி. இந்த டைய வெச்சுப் பாத்தா, வருஷ ஆரம்பத்துல பாக்கி இருந்தது அறுபது லட்சம் மூடி இல்ல, ஒரு கோடியே இருபது லட்சம். அத நான் உன் அண்ணன்கிட்ட சொல்லாம இருக்க முடியாது."

"சொன்னா?"

"பழசத் தோண்ட வேண்டியதில்ல. வருஷ ஆரம்பத்துல கழுதையோட மதிப்பு எட்டு லட்சம். இரும்பு வெல ரெண்டு போக ஆறு. ஒரு கோடியே இருபது லட்சம் மூடிக்கு வகுத்தா மூடிக்கு அஞ்சு காசு. இந்த வருஷம் அறுபது லட்சம் மூடி அடிச்சாலும் மூணு லட்சந்தான் தேயும். மதிப்பு அஞ்சுல நிக்கும். ஆயுள்ல பாதி பாக்கி இருக்கும்."

"பங்குல வந்துரும்."

"வந்துரும். அண்ணன் எடுத்துக்குவார்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் சொல்லாமல் இருந்துவிடுகிறேன் என்று என் வாயிலிருந்து வருமா என்று பார்க்கிறாள் என நினைத்தேன். அப்படிக் கேட்டிருந்தால் நான் நன்றாகத் திட்டியிருப்பேன். திட்டிவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்காமல் கிடந்திருப்பேன்.

"சொல்லணும்னா சொல்லுங்கக்கா" என்றாள். "வருஷக் கடைசியிலதான? அதுவரைக்கும் நான் அடிக்கிறத நிறுத்த மாட்டேன்."

நிறுத்தவில்லை. அந்த வருஷம் முழுவதும் அவள் ஓடிய ஓட்டத்துக்குத் தேய்மானம் போட்டிருந்தால் தனியாக ஒரு பக்கம் வேண்டியிருக்கும். கன்னத்தில் எலும்பு தெரிந்தது. மதியச் சாப்பாட்டை நின்றுகொண்டே சாப்பிட்டாள். தகடு தீர்ந்து லாரி வராத ஒரு நாள் உட்கார்ந்து அழுததை நான் பார்த்தேன். பார்த்ததை அவளும் பார்த்தாள். இரண்டு பேரும் தகடு விலையைப் பற்றிப் பேசினோம். ஒவ்வொரு மாதமும் நான் பத்துக் காசு வீதம் தேய்மானம் எழுதினேன். எழுதும்போதெல்லாம் கை கூசியது. விதி வருஷக் கடைசியில் பார்க்கச் சொல்கிறது, பார்த்துக்கொள்ளலாம் என்று என்னை நானே அதட்டிக்கொண்டேன்.

கடைசி மாதக் கடைசி வாரம் அறுபதாவது லட்சம் தாண்டியது. ஆட்கள் கைதட்டினார்கள். எதற்கு என்று அவர்களுக்கு முழுதாகத் தெரியாது, பெரிய எண் என்றால் கைதட்டுவார்கள். தங்கை கைதட்டவில்லை. என்னைப் பார்த்தாள். நான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முன்னறைக்குப் போனேன்.

அண்ணன் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்தேன்.

"சார், மெஷின்களோட ஆயுள மறுபடி பாக்கணும். வருஷா வருஷம் சொல்றேன், நீங்க தட்டிக் கழிக்கிறீங்க. இந்தத் தடவ பாத்தே ஆகணும். கணக்குப்படி இன்னைக்குக் கழுதையோட ஆயுள் முடிஞ்சிருச்சு. ஆனா நெசத்துல முடியல."

அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஜோடி டை, அடி, மூடி, பத்துக் காசு, ஐந்து காசு எல்லாவற்றையும் சொன்னேன். நான் விளக்கினால் கல்லுக்கும் புரியும் என்று பெயர் வாங்கியவள். காகிதத்தில் போட்டும் காட்டினேன். மறுபரிசீலனை செய்தால் கழுதை பங்கில் வரும், மூத்தவர் என்பதால் அவர் எடுத்துக்கொள்ளலாம் என்பதையும் சொன்னேன்.

"கழுதைக்கு மட்டும் பாத்தாப் போதுமா?" என்று கேட்டார்.

"போதாது சார். பாத்தா ரெண்டையும் பாக்கணும். ஒண்ணுக்கு ஒரு நியாயம், இன்னொண்ணுக்கு ஒரு நியாயம்னு எழுத முடியாது. உங்க மெஷின் ஆறு வருஷமா சும்மா கெடக்கு. அது அடிக்கிற மூடிய வாங்க ஆள் இல்ல. வித்தா இரும்பு வெலைக்குமேல போகாது. நாப்பது லட்சத்த நாலு லட்சமாக் கொறைக்கணும்."

"புது மெஷின்."

"ஆமா. புது மெஷின்."

அவர் மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார், மூடினார். உள்ளே கழுதை அடிக்கும் சத்தம் கேட்டது. நிதானமான சத்தம். நாலு அடிக்கு ஒருமுறை ஒரு சின்ன இழுப்பு.

"வேண்டாம்" என்றார்.

"எது வேண்டாம்?"

"ரெண்டுமே. இத்தன வருஷமா இல்லாத பழக்கம் இப்ப எதுக்கு? இருக்கிற கணக்கே இருக்கட்டும். அது ஆயுள் முடிஞ்ச மெஷின், அவ இரும்பு வெலைக்கு எடுத்துக்கட்டும். புது மெஷின நான் எடுத்துக்கறேன்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. தங்கை ஜெயித்துவிட்டாள், நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் இவ்வளவு நேரம் காகிதத்தில் போட்டுக் காட்டியும் ஒரு மனுஷன் நாற்பது லட்சத்துக் கௌரவத்தைக் கட்டிக்கொண்டு, ஓடுகிற மெஷினை விட்டுவிட்டு ஓடாத மெஷினை எடுப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எனக்குத் தெரியாது.

"சார், நான் சொன்னது உங்களுக்குப் புரியல. அது ஓடும். இது ஓடாது. நீங்க ஓடாததை எடுக்கறீங்க. நாளைக்கு என்னைக் கேக்கக்கூடாது, மேடம் ஏன் சொல்லலன்னு."

"கேக்க மாட்டேன். எழுதித் தரேன்." உண்மையிலேயே ஒரு தாளை எடுத்து, கணக்காளர் விளக்கிச் சொன்னார், மறுபரிசீலனை வேண்டாம் என்று நானே முடிவு செய்தேன் என எழுதிக் கையெழுத்துப் போட்டு என் பக்கம் தள்ளினார். "அவளும் ஒத்துக்கிட்டா கீழ போடச் சொல்லுங்க. ரெண்டு பங்குதாரரும் ஒத்துக்கிட்டா உங்களுக்குப் பிரச்சன இல்லல்ல?"

பிரிவினைக்குள் அவர்கள் எதை ஒத்துக்கொண்டாலும் அது அவர்கள் இஷ்டம். எனக்குப் பிரச்சினை இல்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

"சார், நெசமாவே புரியலியா?"

அவர் நாற்காலியில் சாய்ந்தார்.

"மேடம், நான் இந்த ரூம்ல பதினஞ்சு வருஷமா உக்காந்திருக்கேன். அந்தச் சத்தம் கேட்டுக்கிட்டேதான் பாங்க்காரன்கிட்ட பேசறேன். இந்த வருஷம் லாரி ரெண்டு மடங்காச்சு. சத்தம் ஒரு அடிகூடக் கூடல. எனக்குக் கணக்கு கொஞ்சம் மந்தம். காது நல்லாக் கேக்கும்."

நான் வாயை மூடிக்கொண்டேன். என் சர்வீஸில் அது அடிக்கடி நடப்பது இல்லை.

"எப்பத் தெரிஞ்சுது?"

"ரெண்டாவது மாசம்."

"அப்புறம் ஏன் சார் வருஷம் பூரா அந்தப் பொண்ண ஓட விட்டீங்க? கூப்பிட்டு, கழுதைய நீயே வெச்சுக்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. அவ பாதியா எளச்சுட்டா."

"சொல்லணும்னு நெனச்சேன்" என்றார். பேனாவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "சொன்னா, எனக்கு மிஞ்சறது அந்த மெஷின். ஏன் அத எடுத்துக்கறேன்னு கேப்பா. நான் வாங்கினது தப்புன்னு என் வாயால சொல்லணும். அவகிட்ட அது வரல மேடம். அவளே வந்து கேட்டிருந்தா குடுத்திருப்பேனான்னா, அதுவும் தெரியல. ரோஷத்துல இல்லன்னு சொல்லியிருப்பேன். இப்படின்னா குடுக்க முடியுது."

எனக்குக் கண் கலங்கியது. கூடவே, இந்த இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கவைத்து ஆளுக்கு ஒன்று வைக்கலாம் என்றும் இருந்தது. ஒரு கதவு திறந்து கிடக்கிறது. ஒரு வருஷம். அறுபது லட்சம் மூடி.

"நீங்க என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"பாங்க்ல ஒருத்தன் வேலைக்குக் கூப்பிடறான். போவேன். மெஷின இரும்புக்குப் போட்டுருவேன். நாலு வரும்னு நீங்கதான சொன்னீங்க?" பிறகு, "அவகிட்ட இதச் சொல்ல வேண்டாம்."

"எத?"

"காது கேக்கும்னு."

தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். தங்கை பிரஸ்ஸை நிறுத்தச் சொல்லியிருந்தாள். ஆட்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். அவள் கழுதையின்மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, தேர்வு முடிவு பார்க்க வந்தவள்போல நின்றாள்.

"என்ன சொன்னார்?"

"மறுபரிசீலனை வேண்டாம்னுட்டார். ரெண்டுக்கும். கழுத உனக்கு. கையெழுத்துப் போடு."

அவள் தாளை வாங்கினாள், படித்தாள், மறுபடி படித்தாள்.

"புரியற மாதிரி சொன்னீங்களாக்கா? டை, அடி, எல்லாம்?"

"எல்லாம் சொன்னேன். காகிதத்துல போட்டும் காட்டினேன்."

"அப்புறமுமா?"

"அப்புறமும்."

அவள் தகட்டுக் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டாள். சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். தாளை முழங்காலில் வைத்துக் கையெழுத்துப் போட்டாள்.

"ஏமாத்திட்டேனேன்னு இருக்குக்கா" என்றாள். "பாவம் அண்ணன். பள்ளிக்கூடத்துலேர்ந்தே அப்படித்தான். நான்தான் போட்டுக் குடுப்பேன். அவருக்குக் கணக்கே வராது."

தப்பான எண்ணைக் கண்டால் திருத்தாமல் என்னால் அடுத்த வரிக்குப் போக முடியாது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான் இருந்திருக்கிறேன்.

"ஆமாம்மா, வராது" என்றேன்.